கணுக்கால் பயிற்சி: கண்ணை மூடினால் விரலைச் சுருட்டுகிறார்கள்

பள்ளிக் கால்பந்து, கூடைப்பந்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வியாசர்பாடிப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. வாரம் மூன்று நாள் வார்ம்-அப்பில் வெறுங்காலில் ஒற்றைக்கால் நிற்றல், காலுக்கு 30 நொடி, இரண்டு முறை. கண் திறந்து எல்லோரும் நிற்கிறார்கள். மூடினால் சிலர் விரல்களைச் சுருட்டித் தரையைக் கவ்வி, முழங்காலை விறைத்துக்கொள்கிறார்கள். நேரம் கூடுகிறது, ஆனால் கணுக்காலுக்கு வேலை குறைந்துவிடுகிறது. முழங்காலை லேசாக மடக்கச் சொன்னால் பத்து நொடியில் மறுகாலை ஊன்றிவிடுகிறார்கள். முன்பு சுளுக்கிய கால் இன்னும் மோசம். கண் திறந்தபடி பந்து பிடித்தெறிய நகர்த்தலாமா, 30 நொடி வரும்வரை பொறுக்கலாமா?

இன்னொன்று: இதே பயிற்சியில் ஏறி நிற்க ஆடும் பலகை வேண்டும். 40 செ.மீ. வட்டப் பிளைவுட்டுக்கு அடியில் அரைக்கோளக் கட்டை கடைந்து தரும் தச்சர் பெரம்பூர், தண்டையார்பேட்டையில் யாராவது உண்டா? மெத்தைத் துண்டு வேண்டாம், சீக்கிரம் அமுங்கிவிடும்.