புதுப்பிப்பு: பொது மனையில் நான் கட்டிய வீடும் பாகப்பிரிவினையும்

முன்பு கேட்டது: "அப்பா உயில் எழுதாமல் விட்டுச்சென்ற 9 சென்ட் மனையில் என் பணத்தில் வீடு கட்டினேன். அக்காவும் தம்பியும் பாகம் கேட்கிறார்கள். கட்டிய செலவு கிடைக்குமா?"

கட்டியவருக்கே வீடு முழுவதும் சொந்தம் என்று இங்கே ஒருவர் எழுதியதில் பாதிதான் சரி என்கிறார் எங்கள் வழக்கறிஞர். மனையில் மூவருக்கும் சம பங்கு உண்டு. ஆனால் பாக வழக்கில் அவரவர் பங்கு முடிவான பின் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக் கட்டத்தில், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளக்கும்போது, வீடு நிற்கும் பகுதியை, இயன்றவரை, கட்டியவருக்கே ஒதுக்கி, மண்ணின் மதிப்பை மட்டும் கணக்கில் கொள்ளும்படி நியாய அடிப்படையில் கோரலாம். என் வீடும் முற்றமும் மூன்றரை சென்ட் பிடிப்பதால், என் பங்கான 3 சென்டுக்கு மேற்பட்ட அரை சென்டுக்கு நான் பணம் கொடுக்க நேரிடும்.

அப்படி ஒதுக்க முடியாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். எனினும் செலவழித்த தொகை அப்படியே திரும்புவதில்லை, கட்டடத்தால் சொத்துக்கு இன்று கூடியுள்ள மதிப்பே பேசப்படும். இந்தக் கோரிக்கையை, வழக்குக்கு நான் எழுத்தில் தரும் பதிலான எதிர்வழக்குரையிலேயே எழுப்பி, வங்கிக் கடன் ஆவணங்களையும் கட்டட அனுமதியையும் தாக்கல் செய்யச் சொன்னார். நான்தான் கட்டினேன் என்று காட்ட, வீட்டு வரி என் பெயரில் இருப்பது மட்டும் போதாதாம்.

 

கட்டும்போதே தாம் மறுத்ததாக அக்கா சொல்கிறார். அது நிரூபணமானால் என் கோரிக்கை வலுவிழக்கும். மாடி வாடகைக்கும் கணக்குக் கேட்டிருக்கிறார். அது இன்னும் தீரவில்லை.