பச்சை விளக்கு எரிகிறதா, சார்?

ஈசூன்வாசி

சனிக்கிழமை காலையில் வீட்டு இணையம் போய்விட்டது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று போட்டிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அதற்குப் பொருள். முந்தின நாள் பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே அடிபட்டிருக்கும் என்று யூகிப்பது பெரிய வித்தையில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன். பிறந்த தேதி, அடையாள அட்டையின் கடைசி எண்கள் எல்லாம் கேட்டு முடித்தபின் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

“மோடத்தில் பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா, சார்?”

“பச்சையே இல்லைம்மா. சிவப்பு மின்னுகிறது.”

“தகவலுக்கு நன்றி, சார். பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா?”

“சிவப்பு. சி-வ-ப்-பு.”

“உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, சார். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு 30 விநாடி காத்திருக்க முடியுமா?”

பிடுங்கினேன். அந்த 30 விநாடிக்குள் “காத்திருப்பதற்கு நன்றி” என்று எத்தனை முறை சொன்னார் என்று கேட்காதீர்கள். மறுபடி செருகினேன். மறுபடி சிவப்பு. மறுபடி “பச்சை விளக்கு நிலையாக...”

சோபாவில் இருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “மாப்பிள்ளை, பச்சைன்னே சொல்லிடுங்களேன். பாவம், அந்தப் பொண்ணும் எவ்வளவு நேரம்தான் கேக்கும்?”

என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று, “சரிம்மா, பச்சை நிலையாக எரிகிறது” என்றேன்.

அந்தக் குரலில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! “மிக்க நன்றி, சார். உங்கள் இணையம் சரியாக வேலை செய்கிறது. வேறு ஏதேனும் உதவி தேவையா?”

வேலை செய்யவில்லை என்றேன். “அப்படியென்றால் எங்கள் செயலியில் பழுதைச் சோதித்துக்கொள்ளலாம். அதற்குமுன் உங்கள் கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள்.”

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

கோப்பிஓ

இதற்கெல்லாம் ஒரே மருந்து, தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஐஎம்டிஏ-வில் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள். மறுநாளே ஆள் வந்து நிற்பான். நான் சொல்லி வந்திருக்கிறான்.

தெம்பனீஸ் அக்கா

எங்கள் வீட்டு இணைப்பு அம்மா பெயரில் இருக்கிறது. நான் பேச வேண்டுமென்றால் அம்மா தன் வாயால் “யெஸ்” சொல்ல வேண்டுமாம். போனை அம்மாவிடம் கொடுத்தேன். எதிர்முனையில் அந்தத் தம்பி, “உங்கள் சார்பாக உங்கள் மகள் பேச ஒப்புக்கொள்கிறீர்களா, மேடம்?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அம்மா, “சாப்பிட்டியாப்பா?” என்கிறார். “மன்னிக்கவும் மேடம், யெஸ் அல்லது நோ என்று சொல்லுங்கள்.” அம்மா என்னைப் பார்த்து, “இன்னும் சாப்பிடலையாம்டி” என்கிறார்.

அன்றைக்கு நான் பேசவே முடியவில்லை. அம்மாவுக்கு “யெஸ்” மட்டும் பழக்கிவிட்டு அப்புறம் கூப்பிட்டேன்.

பழைய ஹெட்செட்

இப்படிப்பட்ட சேவை மையத்தில், அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அதனால் அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்.

ஈசூன்வாசி, உங்கள் மோடத்தில் விளக்குகள் பல இருக்கும். அவர் திரையில் இருந்தது, ஃபைபர் இணைப்பு கிடைத்துவிட்டதா என்று காட்டும் பி.ஓ.என். விளக்கைப் பற்றிய கேள்வி. நீங்கள் பதில் சொன்னது எல்.ஓ.எஸ். விளக்கைப் பற்றி. ஃபைபர் அறுந்தால் பல மோடங்களில் எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னும், பி.ஓ.என். அணைந்துவிடும். “பி.ஓ.என். எரியவே இல்லை” என்று சொல்லியிருந்தால் அடுத்த பக்கம் திறந்திருக்கும். “சிவப்பு” என்பதற்கு அந்தப் பக்கத்தில் பொத்தானே இருந்திருக்காது.

அவருக்குப் புரியாமல் இல்லை. எல்லாப் பெட்டியிலும் குறி போடாமல் தொழில்நுட்பரை அனுப்பும் சீட்டைத் திறக்க முடியாது. தொழில்நுட்பர் வந்து பார்த்து வெறும் பிளக் கழன்றிருந்தால், அந்தச் செலவு யார் கணக்கில் என்ற கேள்வி வரும். அதனால்தான் அந்த 30 விநாடி.

“புரிகிறது சார்”, “நன்றி சார்” என்பதும் மதிப்பெண்ணுக்காகத்தான். அழைப்பைப் பதிவு செய்து, பிறகு ஒருவர் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவார். அனுதாப வாக்கியம் சொன்னாரா, நடுவில் மௌனம் விழுந்ததா, கடைசியில் “வேறு உதவி வேண்டுமா” என்று கேட்டாரா என்றெல்லாம் பார்ப்பார். நாங்கள் அந்த மௌனத்தை ‘டெட் ஏர்’ என்போம். அதற்குப் பயந்துதான் “காத்திருப்பதற்கு நன்றி” மழையாகக் கொட்டுகிறது. தெம்பனீஸ் அக்கா சொன்ன அடையாளச் சோதனையை விட்டுவிட்டால் மீதி எல்லாம் நன்றாகச் செய்திருந்தாலும் அந்த அழைப்புக்கு முட்டைதான்.

கோப்பிஓ, நீங்கள் சொன்னது பாதி சரி. ஐஎம்டிஏ என்ற பெயரைக் கேட்டதும் மேற்பார்வையாளருக்கு மாற்றிவிடுவார்கள், உண்மை. ஆனால் அவர் முன்னாலும் அதே திரைதான். நிறுவனத்தோடு பேசித் தீராத பில், ஒப்பந்தத் தகராறுகளுக்கு 2022-இல் ஒரு சமரசத் திட்டம் வந்தது. சிங்கப்பூர் சமரச நிலையம் நடத்துகிறது. அது அறுந்த கம்பியை ஒட்டவைக்க வராது.

ஜூரோங் அண்ணாச்சி

எனக்கும் இப்படி ஒருத்தன் போன் செய்தான். வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கில் பிரச்சினை என்றான். நான் என்ன கேட்டாலும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தது, வெளிநாட்டு அழைப்பு. “எந்தக் கிளை தம்பி?” என்றேன், “உங்கள் கணக்கில் பிரச்சினை” என்றான். “மழை பெய்யுதா அங்கே?” என்றேன், அதற்கும் “உங்கள் கணக்கில் பிரச்சினை.” வைத்துவிட்டு மோசடி உதவி எண்ணான 1799-க்கு அடித்துக் கேட்டேன், மோசடிதான் என்றார்கள்.

தெம்பனீஸ் அக்கா

அண்ணாச்சி, இங்கே நாமாகக் கூப்பிட்டுப் பேசிய கதை ஓடுகிறது.

ஜூரோங் அண்ணாச்சி

இரண்டும் ஒரே ராகம்தானே தங்கச்சி.

ஈசூன்வாசி

ஹெட்செட் அண்ணே, விளக்கம் அருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மாதாமாதம் பணம் கட்டுகிறவன் பி.ஓ.என். என்றால் என்னவென்று தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? “எந்த விளக்கு, சார்? பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பெண் குறைந்துவிடும்?

பழைய ஹெட்செட்

குறையாது. ஆனால் நேரம் ஏறும். ஒரு அழைப்புக்குச் சராசரியாக இத்தனை நிமிடம் என்று இலக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தாண்டவே பயப்படுவார்கள். நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். உங்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

கோப்பிஓ

அதெல்லாம் சரி. என் மோடத்தில் ஒரே ஒரு விளக்குதான், அதுவே நிறம் மாறும். எல்.ஓ.எஸ்ஸும் இல்லை, பி.ஓ.என்னும் இல்லை. நான் என்னவென்று சொல்வது?

பழைய ஹெட்செட்

நிறத்தைச் சொல்லிவிட்டு, “உங்கள் திரையில் என்னென்ன பதில்கள் இருக்கின்றன? வாசியுங்கள், நான் ஒன்றைச் சொல்கிறேன்” என்று கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்குச் சீக்கிரம் சீட்டுத் திறந்திருக்கிறேன்.

ஈசூன்வாசி

இப்போதுதான் அடித்து அதையே கேட்டேன். “தகவலுக்கு நன்றி, சார். திரையில் இருப்பதை வாசிக்க எனக்கு அனுமதி இல்லை. பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா?”

பி.ஓ.என். எரியவே இல்லை என்றேன். திங்கட்கிழமை ஆள் வருகிறாராம்.