புதுப்பிப்பு: தரங்கம்பாடி எந்த மாவட்டம்?

நான் கேட்டது: "எங்கள் ஊர் தரங்கம்பாடி, அக்காவின் பழைய பாடநூலில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது, என்னுடையதில் மயிலாடுதுறை மாவட்டத்தில். எது சரி?"

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அச்சிட்ட ஆண்டைப் பார்க்கச் சொன்ன ஆசிரியர் ஐயாவின் யோசனைதான் கைகொடுத்தது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில், மங்கிய பொடி எழுத்தில், அக்காவுடையது 2018 பதிப்பு, என்னுடையது 2022. இடையே 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமானது. பழைய நூல் தவறு என்று பதிலில் ஓர் அண்ணன் சொன்னது பாதிதான் சரி. அச்சான அன்று அதுவும் சரியே. செங்கல்பட்டிலிருந்து பதில் எழுதிய ஓர் அக்கா, தம் ஊரும் இப்படிக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கதையை எழுதியிருந்தார்.

எதிர்பாராதது, தாத்தாவின் 1985ஆம் ஆண்டு வீட்டுப் பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம்! நாகப்பட்டினமே 1991இல்தான் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. அக்காவின் பிறப்புச் சான்றிதழை மாற்ற வேண்டுமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.