ஆரல்வாய்மொழிக் காற்றில் பண்ணைக்குட்டை: ஆழம் கூட்டவா?

தோவாளைப் பக்கம் பிச்சித் தோட்டத்துக்கு ஒரு குட்டை வெட்டப் போகிறேன். மேலே 10க்கு 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர், கரை 1:1 சரிவு, அடி 4க்கு 4. நிரம்பினால் 1,56,000 லிட்டர். செம்மண், சோதனைக் குழியில் ஊற்றிய தண்ணீர் விடிவதற்குள் காணவில்லை. அதனால் 500 மைக்ரான் ஷீட் விரிப்பது உறுதி.

கவலை காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தண்ணீர் தை முதல் நாலு மாசம் தாங்க வேண்டும். நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 72 சென்டிமீட்டர் இறங்கும். அகலமான மேல்பகுதி என்பதால், அதுவே 60,000 லிட்டருக்கு மேல்!

இன்னொரு மீட்டர் தோண்டலாமென்றால், இதே சரிவில் அடி 2க்கு 2 ஆகச் சுருங்கி, கூடுவது வெறும் 9,000 லிட்டர். கரையைச் செங்குத்தாக்கினால் மழையில் மண் சரிந்து ஷீட் இழுபடுமா? மேலே நிழல்வலை கட்டியவர்கள் உண்டா, இந்தக் காற்றுக்கு நின்றதா? அனுபவமுள்ள அண்ணாச்சிமார் சொல்லுங்க. ஜேசிபி அடுத்த வாரம் வருது.