திரும்பி வந்த மின்சாரக் கெட்டில்: இருப்பில் சேர்ப்பதா, பழுதுபார்ப்பதா, கழிப்பதா? உங்கள் அனுபவம் என்ன?

கிடங்குமேசை:

இணையத்தில் விற்ற பொருள்கள் திரும்பி வரும்போது அவற்றைப் பிரித்துப் பார்த்து முடிவெடுக்கும் வேலை எனக்கு. என்னை அதிகம் யோசிக்க வைப்பது மின்சாரக் கெட்டில். சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். கெட்டிலில் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துவிட்டால் அதைப் புதியது என்று விற்க முடியாது. அதனால் எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் வரிசைதான் உயிர்: பொருளைக் கெடுக்காத சோதனைகள் முதலில், தண்ணீர்ச் சோதனை கடைசியில்.

பெட்டியின் சீல் பிரியாமல், எடை புதுப்பெட்டியின் எடையோடு ஒத்து, வெளியிலுள்ள வரிசை எண் எங்கள் பதிவோடு பொருந்தினால், அதைத் திறக்கவே மாட்டோம். நேராக இருப்பில் சேரும்.

சீல் பிரிந்திருந்தால் முதலில் கெட்டிலின் அடியிலும் மின்தாங்கியின் அடியிலும் ஒட்டியுள்ள விவரச் சீட்டுகளைப் பார்ப்போம். புதுக் கெட்டிலோடு பழைய தாங்கியை வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எடை பார்த்தால் இது தெரியாது; இரண்டு சீட்டுகளிலும் மாடல் எண்ணைப் படித்தால்தான் தெரியும். அடுத்து டார்ச் அடித்து உட்புறம்: தட்டில் வெள்ளை வளையம், நிறமாற்றம், மூடியின் ரப்பரில் ஈரம். பிறகு மல்டிமீட்டர். 230 வோல்ட், 1500 வாட் கெட்டிலின் சுவிட்சைப் போட்ட நிலையில், மின்தடை சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே சூடேற்றி அறுந்துபோகவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

அண்மையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். திருப்பியதன் காரணம்: ‘தானாக அணையவில்லை.’ உள்ளே மெல்லிய வெள்ளைப் படிவு இருந்தது; பயன்படுத்தியது உறுதி. ஆகவே இருப்பில் சேர்க்கும் வழி அங்கேயே அடைபட்டது. மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றரை லிட்டர், 25 டிகிரி. கணக்குப்படி ஐந்தேகால் நிமிடம். வெப்ப இழப்பைச் சேர்த்தால் ஆறு நிமிடம் வரை ஆகலாம். சரியான நேரத்தில் கொதித்தது, ஆனால் அணையவில்லை. மூடியை விரலால் அழுத்திப் பிடித்தேன். சிறிது நேரத்தில் அணைந்தது. மூடியின் கொக்கி முழுதாகப் பிடிக்கவில்லை. நீராவி சுவிட்சுக்குப் போகாமல் மேலே வெளியேறியிருக்கிறது.

புது விலையை 100 என்று வைத்துக்கொண்டால், பெட்டி திறந்த பொருளாக விற்று, அனுப்பும் செலவு போக 65 கிடைக்கும். மூடி 8, உழைப்பு 12, சுத்தம் செய்து புதுப்பெட்டி போட 5. மிச்சம் 40. பழுதுபார்க்க அனுப்பினேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கணக்கர்:

40 மிஞ்சாது நண்பரே. முதல் வாடிக்கையாளருக்கு அனுப்பியதும் அவரிடமிருந்து திரும்பக் கொண்டுவந்ததும் யார் பணம்? இரண்டுக்கும் சேர்த்து 25 போனால் மிச்சம் 15. இதற்காக ஒருவர் மேசையில் உட்கார வேண்டுமா? நான் நேராகக் கழித்திருப்பேன்.

பழுதுமேசை:

கணக்கரே, அந்த 25 ஏற்கெனவே போய்விட்டது. கழித்தாலும் அது திரும்பி வராது; ஆகவே இந்த முடிவில் அதற்கு இடமில்லை. இந்த மாடலைத் தொடர்ந்து விற்கலாமா என்று முடிவெடுக்கும்போது அதைக் கட்டாயம் சேருங்கள். வேறு ஒரு செலவை நீங்கள் கேட்டிருக்கலாம்: பழுதுபார்த்தது மறுபடி திரும்பி வரும் வாய்ப்பு. ஐந்தில் ஒன்று திரும்பி வந்தால் அந்த 40 நன்றாகவே இறங்கும்.

கிடங்குமேசை நண்பருக்கு ஒரு சொல். கெட்டிலைத் தானாக அணைப்பது தண்ணீரின் சூடு அன்று. குழாய் வழியே வரும் நீராவி பட்டு வளையும் ஈருலோகத் தகடு. மூடி திறந்திருந்தாலோ, அதிகபட்சக் கோட்டுக்கு மேல் நிரப்பினாலோ, நல்ல கெட்டிலும் அணையாமல் போகலாம். இந்தப் புகாரோடு வருபவற்றில் பழுதே இல்லாதவையும் உண்டு என்பதால், மூடியை நன்றாக மூடிச் சோதித்த பிறகே பழுது என்று எழுதுங்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லை. பழுதுபார்த்த கெட்டில் வெளியே போகும்முன் இன்சுலேஷன் சோதனை வேண்டும். மின்முனைகள் இரண்டையும் சேர்த்து, அவற்றுக்கும் எர்த் முனைக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்துப் பார்க்கிறோம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் விற்பனைக்கு இல்லை. ஆனால் உடனே கழித்துவிடவும் வேண்டாம். சூடேற்றியின் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். நீண்ட நாள் கிடங்கில் கிடந்தாலே அளவு இறங்கும். பாதுகாப்பான இடத்தில் சிலமுறை கொதிக்கவைத்து, உலரவிட்டு, மறுபடி அளந்தால் பல கெட்டில்களில் அளவு ஏறிவிடும். ஏறாதது கழிவு.

வாங்குபவர்:

நானும் ஒரு கெட்டிலைத் திருப்பி அனுப்பினேன். முதல் கொதியிலேயே தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை. விற்றவர்கள் ‘பயன்படுத்தியிருக்கிறீர்கள், வெள்ளைப் படிவு இருக்கிறது’ என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். கொதிக்கவைக்காமல் வாடையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு உங்கள் பட்டியலில் என்ன பதில்?

கிடங்குமேசை:

அம்மா, பணத்தைத் தருவதா என்பது வேறு மேசையின் வேலை. நாங்கள் பொருளை என்ன செய்வதென்று மட்டும் பார்க்கிறோம். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. கடினநீர் உள்ள ஊரில் ஒரே கொதியில் படிவு தெரியும். அதனால் எங்கள் படிவத்தில் ‘படிவு உண்டா’ என்று கேட்பதில்லை. ‘விரலால் துடைத்தால் போகிறதா, தடிப்பாக ஒட்டியிருக்கிறதா’ என்று கேட்கிறோம். வாடைப் புகாருக்குத் தனிக் கட்டம் உண்டு. மூடியைத் திறந்து முகர்வோம். வாடை இருந்தால் அதே தொகுப்பில் வந்த இன்னொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

புதுவரவு:

நான் இந்த வேலைக்குப் புதிது. தாங்கியில் தண்ணீர் போன கெட்டிலை உலர்த்தி விற்கலாமா? எங்கள் மேற்பார்வையாளர் சரி என்கிறார்.

பழுதுமேசை:

இணைப்புமுனையைப் பிரித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ விலைக்கணக்கே போட வேண்டாம். தாங்கியும் கெட்டிலும் சேர்ந்தே கழிவு. கழிக்கும்போது மின்கம்பியை வெட்டிவிடுங்கள். கம்பியோடு குப்பைக்குப் போன கெட்டில் வேறு யார் வீட்டிலாவது மின்சாரத்தில் சொருகப்படும். அதன்பின் மின்கழிவு வாங்குபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கர்:

போன செலவைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் சிட்ரிக் அமிலம் போட்டுப் படிவை நீக்கிய கெட்டிலை ‘பெட்டி திறந்தது’ என்று மட்டும் எழுதி விற்பதை நான் ஏற்கவில்லை. இன்னொருவர் குடிநீர் காய்ச்சிய பாத்திரம் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடங்குமேசை:

‘பயன்படுத்திச் சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதினால் 65-க்குப் போகாது, 50-க்குப் போகலாம். அப்போதும் 25 மிஞ்சுகிறது. எழுதலாம் என்றே நினைக்கிறேன். எங்கள் விற்பனைப் பிரிவு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.