மல்டிபிள் 4 சரி, எதோட 4?

அச்சுமை
ஒரு சின்ன அச்சகத்தை வாங்க எழுதின முன்மொழிவு இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. வரிக்கு முந்தின லாபம் 14 லட்சம். அதோட ஓனர் சம்பளம் 10, வட்டி 2, தேய்மானம் 4 மூணையும் திரும்பக் கூட்டி 30 லட்சம்னு காட்டியிருந்தாங்க. அதுவரை குத்தமில்லை. அடுத்த வரியில, "இத்துறையில் 4 மடங்கு வழக்கம், எனவே விலை 120 லட்சம்."

அந்த 4, எபிட்டாவுக்கு, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கிறதுக்கு முந்தின லாபத்துக்குச் சொல்ற மடங்கு. இந்த 30 எஸ்டிஇ, அதாவது ஓனரே உழைச்சு ஓனர் கைக்கு வர்ற மொத்தப் பணம். அவர் போனதும் அந்த நாற்காலியில ஒரு மேனேஜரை உட்கார வைக்கணும். அந்த வேலைக்கு 12 லட்சம்னு வெச்சா எபிட்டா 18. நாலால பெருக்கினா 72. எஸ்டிஇ வழியாவே போனாலும் இந்த அளவுத் தொழிலுக்கு 2.5 மடங்குன்னா 75. ரெண்டு வழியும் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்குது. 120 மட்டும் தனியா மேல தொங்குது.

மூணாம் வருஷம்
மடங்கைவிட எந்த வருஷ லாபம்ங்கிறதுதான் முக்கியம். ஒரே வருஷத்தை நம்பக்கூடாது. எப்பவும் மூணு வருஷ சராசரி எடுங்க, பிரச்சினையே வராது.

அச்சுமை
இங்கே எஸ்டிஇ 36, 33, 30னு இறங்கிட்டு வருது. சராசரி 33. ஏற்கெனவே போயிட்ட மூணு லட்சத்துக்கும் சேர்த்து மடங்கு கட்டச் சொல்றீங்களா? மேலயும் கீழயும் ஆடுற தொழிலுக்குச் சராசரி சரி. ஒரே திசையில சரியுறதுக்குக் கடைசி 12 மாசம்தான் அடிப்படை. அதுக்கும் முன்னாடி ஏன் சரியுதுன்னு கேட்டாகணும்.

பில் புக்
இதே மாதிரி இன்னொரு ஃபைல். இடத்தைப் பார்க்கப் போனப்ப ஓனர் மெஷின் பக்கம் நின்னு விளக்கிட்டிருக்கார். முன் மேசையில போன் அடிக்குது. அவர் மனைவி எடுத்து, கணக்கைத் திறக்காமலே "உங்க பழைய பாக்கி ரெண்டு பில் நிக்குதே"ன்னாங்க. பில் போடுறது, வசூல், பேப்பர் ஆர்டர் எல்லாம் அவங்கதான். சம்பளப் பட்டியல்ல பேர் இல்ல.

எஸ்டிஇயில ஒரு ஓனரோட சம்பளத்தைத்தான் திரும்பக் கூட்டலாம். ரெண்டாவது ஆள் இலவசமா உழைச்சா அந்த வேலைக்கு ஆகிற செலவைக் கழிக்கணும். எல்லாரும் கூட்ட வேண்டியதைத் தேடுறாங்க, கழிக்க வேண்டியதைத் தேட மாட்டேங்கிறாங்க. உங்க கணக்குல அப்படி ஒருத்தர் இருந்து, 3 லட்சம் கழிச்சா எபிட்டா 15. விலை 60.

புதுவரவு
நான் பார்க்கிறது மளிகைக் கடை. வருஷ விற்பனையில பாதி கேட்கிறாங்க. அதுக்கும் இந்த 2.5 தானா?

பில் புக்
விற்பனைக்குக் கட்டுற மடங்கு வேற, லாபத்துக்குக் கட்டுறது வேற. முதல்ல கடையோட எஸ்டிஇயைக் கணக்குப் பண்ணுங்க. சரக்கு விலைக்குள்ளயா, தனியான்னும் எழுத்துல வாங்கிக்கோங்க.

தவணைக்காரன்
கேட்காத யோசனைதான். மடங்கு எதுவா இருந்தாலும், கடன் தாங்குதான்னு ஒரு பக்கம் முன்மொழிவுலயே போடுங்க. விலை 75, கைக்காசு 25, கடன் 50 லட்சம், 12 சதவீதம், 5 வருஷம்னா வருஷத் தவணை சுமார் 13.3 லட்சம். எபிட்டா 18தானேன்னு நிம்மதியா இருக்காதீங்க. தேய்மானம் கையை விட்டுப் போகாத செலவுன்னு கூட்டிட்டோம். ஆனா மெஷின் நிஜமாவே தேயுது. மாத்த வருஷத்துக்கு 4 ஒதுக்கினா மிச்சம் 14. தவணை போக ஒரு லட்சம்கூட நிக்காது, வரி இன்னும் கட்டல. பில் புக் சொன்ன 15ஐ எடுத்தா மிச்சம் 11, தவணைக்கே பத்தாது.

விலை 60ன்னா கடன் 35, தவணை 9.3. மூச்சு விடலாம், அவ்வளவுதான். 120க்கு அதே 25 கைக்காசோட கடன் 95, தவணை 25க்கு மேல. எபிட்டாவே 18! அந்த முன்மொழிவு எழுதினவர் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தா தானே நிறுத்தியிருப்பார்.

மூணாம் வருஷம்
மெஷின் தேய்மானத்தைக் கழிக்கிறது ரெட்டைக் கழிப்பு. அதுக்காகத்தான் மடங்கே கம்மியா இருக்கு.

தவணைக்காரன்
விலை போடுறப்ப நீங்க சொல்றது சரி, அங்கே நான் கழிக்கல. தவணை கட்டுறப்ப மடங்கு வந்து காசு தராது.

அச்சுமை
அந்த அச்சகத்துல பெரிய மெஷின் போன வருஷம்தான் வாங்கினது. அப்பவும் 4 ஒதுக்கணுமா? விக்கிறவர் இதைத்தான் பிடிச்சுக்கிட்டு 75க்குக் கீழ இறங்க மாட்டேங்கிறார்.