மயில்துத்தத்துக்குள்ள இருக்குற அஞ்சு தண்ணி

பண்ணைக்காடு_காப்பி: பூஞ்சை நோய்க்குச் செடியில அடிக்கிற போர்டோ கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தத்துக்கு 464 கிராம் நீத்த சுண்ணாம்பு போதும், ஒரு கிலோ போடுறவன் காசைக் கொட்டுறான்னு ஒருத்தர் இந்தச் சமன்பாட்ட போட்டிருக்கார். கணக்கு சரியா?
`CuSO4 + Ca(OH)2 → Cu(OH)2 + CaSO4`

சுண்டெலி77: அது நான் போட்டதுதான். ரெண்டு பக்கமும் எண்ணிப் பாத்துக்கோங்க, சமனாத்தான் இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு. 1000ஐ 159.6ஆல வகுத்தா 6.27 மோல், அதை 74.1ஆல பெருக்குனா 464. இதுல என்ன சந்தேகம்?

கெமிஸ்ட்ரி_வாத்தி: சமன்பாடு சரி, 159.6 தப்பு. தம்பி, கடையில நீங்க வாங்குறது நீலக் கட்டி, அதுக்குள்ள ஒரு மோலுக்கு அஞ்சு மோல் தண்ணி உக்காந்திருக்கு. எடை 249.7. அப்ப ஒரு கிலோவுல 4 மோல்தான், சுண்ணாம்பு 297 கிராம் வரும். வாணலியில நாலு கட்டிய வறுத்துப் பாருங்க, வெள்ளையாயிரும், அந்த வெள்ளைக்குத்தான் 159.6.

சுண்டெலி77: சமன்பாட்டுலயே இல்லாத தண்ணிய எங்கேருந்து சார் கொண்டு வர்றீங்க? இடது பக்கம் அஞ்ச போட்டா ஹைட்ரஜன் 12, வலது பக்கம் 2. சமன் எங்க இருக்கு?

கெமிஸ்ட்ரி_வாத்தி: வலது பக்கமும் `5H2O` போடணும்யா, அது வெளிய வந்து தொட்டித் தண்ணியோட கலந்துருது. ரெண்டு பக்கமும் போடு, இல்ல ரெண்டு பக்கமும் விடு, விகிதம் ஒண்ணுக்கு ஒண்ணுதான். ஆனா தராசுல நிக்கிறது தண்ணியோட சேந்த கட்டி. இத பிளஸ் ஒன் பிள்ளைங்ககிட்ட வருஷா வருஷம் கத்துறேன்.

மலைத்தோட்டம்: நீங்க ரெண்டு பேரும் எழுதித் தள்ளுங்க. 300 கிராம்னு எவனோ சொன்னத கேட்டு போன வருஷம் அடிச்சேன், இலை ஓரம் பூரா கருகிப்போச்சு. சுண்ணாம்பு மூணு மாசமா திறந்து கெடந்த மூட்டை. இப்பல்லாம் கலவையில அருவாள முக்கிப் பாப்பேன், செம்பு நிறமா படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு போடுவேன். மோலும் தெரியாது, முயலும் தெரியாது.

கெமிஸ்ட்ரி_வாத்தி: அண்ணே, காத்துல கெடந்த சுண்ணாம்புல பாதி சுண்ணாம்புக்கல்லாவே திரும்பிருக்கும், அது இங்க சரியா வேலை செய்யாது. 297ங்கிறது சுத்தமான சுண்ணாம்புக்கு, அதனாலதான் தோட்டத்துல கிலோவுக்குக் கிலோ போடுறாங்க. மீதி செம்பு கரைஞ்சு நின்னாத்தான் இலைய சுடும்.

சுண்டெலி77: பாத்தீங்களா, 297 போட்டா கருகுது. என் 464ல ஒரு இலை கருகல.

கெமிஸ்ட்ரி_வாத்தி: யோவ், தப்பா கணக்கு போட்டு சுண்ணாம்பு கூடிருச்சு, அதனால தப்பிச்ச. அது கணக்கோட பெருமை இல்ல, அஞ்சு தண்ணிய விட்டதோட அதிர்ஷ்டம்.

சுண்டெலி77: போன மாசம் மண்ணுக்கு டோலமைட் கணக்குல இவர் சொதப்புனத யாரும் மறக்கல. அப்ப எங்க போச்சு இந்தத் தராசு?

கெமிஸ்ட்ரி_வாத்தி: அது டைப்பிங் மிஸ்டேக். பேச்ச மாத்தாம, நீலக் கட்டியோட மோல் எடை என்னன்னு மட்டும் சொல்லு.

சுண்டெலி77: 159.6.

பண்ணைக்காடு_காப்பி: அப்ப நாளைக்கு நான் எவ்வளவு போடட்டும்?

மலைத்தோட்டம்: அருவா இருக்கா?